ஐசிடி பாட்டிலில் குமிழி: எப்போது விட்டுவிடலாம், எப்போது ஓட வேண்டும்

"பாட்டில்ல தண்ணி பொங்குது" என்று வார்டில் யாராவது கூப்பிட்டால், நெஞ்சுக்குள் தேங்கிய காற்றையும் நீரையும் குழாய் வழியாக வெளியேற்றும் அந்த ஐசிடி பாட்டிலைக் குனிந்து பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நோயாளி எப்படி மூச்சு விடுகிறார்? பாட்டிலோடு சக்‌ஷன் இணைத்திருக்கிறதா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ஒரே மாதிரித் தெரியும் குமிழிக்கு, சக்‌ஷன் இருந்தால் ஓர் அர்த்தம், இல்லாவிட்டால் வேறு அர்த்தம்.

காரைக்குடிப் பக்கத்து மருத்துவமனைகளில் அதிகம் பார்ப்பது ஒற்றைப் பாட்டில்தான். அதனால் அதை வைத்தே சொல்கிறேன். நெஞ்சிலிருந்து வரும் குழாய் பாட்டிலுக்குள், உள்ளே துளையுள்ள ஒரு நீளக் கம்பியாக இறங்கும். அதன் நுனி தண்ணீருக்குள் 2 செ.மீ. முங்கியிருக்கும். மூடியில் இன்னொரு சின்னத் துவாரம் இருக்கும். காற்று வெளியேறும் வழி அது. சக்‌ஷன் மாட்டுவதும் அந்தத் துவாரத்தில்தான். நெஞ்சுக்குள் சிக்கிய காற்று 2 செ.மீ. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வெளிக்காற்று திரும்ப உள்ளே போக முடியாது, தண்ணீர் அடைத்துக்கொள்ளும், இதுதான் நீர்ப்பூட்டு. ஜெர்மானிய மருத்துவர் பூலாவ் 1891-ல் எழுதி வெளியிட்ட ஏற்பாடு இது. அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை.

கம்பிக்குள் தண்ணீர் மட்டம் மூச்சோடு ஏறி இறங்கும். தானாக மூச்சு விடுபவருக்கு மூச்சை இழுக்கும்போது ஏறும், விடும்போது இறங்கும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இது தலைகீழ். வார்டில் இதை 'ஸ்விங்' என்போம். ஸ்விங் இருந்தால் நெஞ்சுக்கும் பாட்டிலுக்கும் நடுவே வழி திறந்திருக்கிறது என்று பொருள். குமிழியைப் பற்றி யோசிக்கும் முன் ஸ்விங் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

மூச்சு விடும்போதும் இருமும்போதும் மட்டும் குமிழி வருகிறது

நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியதற்காகக் குழாய் போட்டவருக்கு இது எதிர்பார்த்ததுதான். நுரையீரலில் இருக்கும் ஓட்டை இன்னும் மூடவில்லை, அதிலிருந்து வரும் காற்று வெளியேறுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. இருமச் சொல்லிப் பார்த்து, "இருமலில் மட்டும்" என்றோ "ஒவ்வொரு மூச்சுக்கும்" என்றோ சார்ட்டில் எழுதுங்கள். வெறுமனே 'குமிழி உள்ளது' என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு ஒன்றும் புரியாது. நேற்று ஒவ்வொரு மூச்சுக்கும் வந்தது இன்று இருமலுக்கு மட்டும் வந்தால் ஓட்டை மூடி வருகிறது.

நீர் கோத்ததற்காக மட்டும் குழாய் போட்டவருக்குத் திடீரெனக் குமிழி வந்தால் அது புதுச் செய்தி. டியூட்டி டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஒற்றைப் பாட்டிலில் ஒரு சிக்கல் உண்டு. வடியும் நீரும் அதே பாட்டிலில்தான் சேரும். நாலு விரல் உயரத்துக்கு வடிந்துவிட்டால், 2 செ.மீ. முங்கியிருந்த கம்பி 9 செ.மீ. முங்கிவிடும். காற்று இப்போது அவ்வளவு தண்ணீரையும் தள்ள வேண்டும். குமிழி குறைந்ததைப் பார்த்து "ஓட்டை மூடிடுச்சு" என்று சந்தோஷப்படுவார்கள், உண்மையில் காற்று வெளியேற முடியாமல் நெஞ்சுக்குள் நிற்கும். அளவைக் குறித்துக்கொண்டு பாட்டிலை மாற்றிவிட வேண்டும்.

நிற்காமல் பொங்குகிறது

இங்கேதான் சக்‌ஷன் கேள்வி வருகிறது.

சக்‌ஷன் மாட்டியிருந்தால், குழாயில் எங்கேயாவது இணைப்பு தளர்ந்திருக்கலாம். அறைக் காற்றைச் சக்‌ஷன் அந்த இடைவெளி வழியாக இழுத்து, தண்ணீருக்குள் இடைவிடாமல் குமிழியாக விடும். நுரையீரலில் பெரிய ஓட்டை இருந்தாலும் இப்படித்தான் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சக்‌ஷன் இல்லாவிட்டால் கதை வேறு. இணைப்பு தளர்ந்திருக்கும்போது காற்று சுலபமான வழியில் போகும். மூச்சு விடும்போது தண்ணீரைத் தள்ளாமல் அந்த இடைவெளி வழியாகவே வெளியேறிவிடும். மூச்சை இழுக்கும்போது அதே வழியாக அறைக் காற்று நெஞ்சுக்குள் போகும். பாட்டிலில் குமிழி பெரும்பாலும் இராது, ஸ்விங்கும் செத்துப்போகும். அதாவது பாட்டில் அமைதியாக இருக்கும், நோயாளிக்கு மூச்சு வாங்கும். "தொடர் குமிழி என்றால் குழாயில் கசிவு" என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த அமைதியைப் பார்த்து ஏமாந்துபோவார்கள்.

எங்கள் வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டில் நாட்டு ஓடு மாற்றும்போது, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவர். வலது பக்கம் விலா எலும்பு முறிந்து, நெஞ்சுக்குள் காற்று. 28 அளவுக் குழாய் போட்டிருந்தார்கள். முதல் நாள் ஒவ்வொரு மூச்சுக்கும் குமிழி, ஸ்விங் நன்றாக இருந்தது. மறுநாள் எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரியவில்லை. சர்ஜன் 20 செ.மீ. நீரழுத்தத்தில் சக்‌ஷன் போடச் சொன்னார். சாயங்காலம் கொத்தனாரின் மனைவி வந்து, "சிஸ்டர், உலை கொதிக்கிற மாதிரி கொதிக்குது, வந்து பாருங்க" என்றார்.

ஆளைப் பார்த்தோம். படுத்தபடி பேசிக்கொண்டிருந்தார், ஆக்ஸிஜன் அளவு 97, மூச்சு வாங்கவில்லை. காலையில் இருந்த குமிழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மூச்சோடு சேராமல் ஒரே சீராகப் பொங்கியது. முதலில் டிரெஸ்ஸிங்கைத் திறந்து, குழாயின் பக்கத் துவாரம் தோலுக்கு வெளியே வந்துவிட்டதா என்று பார்த்தோம். இல்லை. குழாயில் போட்ட செ.மீ. குறியும் முதல் நாள் எழுதிவைத்த இடத்திலேயே இருந்தது.

அடுத்து கிளாம்ப் சோதனை. ஃபோர்செப்ஸின் பற்களில் காஸ் சுற்றிக்கொண்டு, நெஞ்சுக்குப் பக்கத்தில் குழாயைப் பிடிக்க வேண்டும். வாய்க்குள் ஐந்து எண்ணுவதற்கு மேல் பிடிக்கக் கூடாது, பார்த்த கையோடு விட்டுவிட வேண்டும். அங்கே பிடித்ததும் பொங்குவது நின்றால், காற்று நெஞ்சிலிருந்தோ குழாய் போட்ட காயத்தின் ஓரத்திலிருந்தோ வருகிறது. நிற்காவிட்டால், பிடித்த இடத்துக்குக் கீழே, பாட்டில் பக்கம் எங்கோ கசிகிறது. பிறகு ஓரடி ஓரடியாக பாட்டிலை நோக்கி இறங்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தைத் தாண்டிப் பிடித்ததும் நிற்கிறதோ, அதற்குச் சற்று மேலேதான் கோளாறு.

கொத்தனாருக்கு நெஞ்சுப் பக்கத்தில் பிடித்தபோது நிற்கவில்லை. நெஞ்சுக் குழாயையும் பாட்டில் குழாயையும் சேர்க்கும் பிளாஸ்டிக் கனெக்டருக்கு மேலே பிடித்தும் நிற்கவில்லை. கனெக்டருக்குக் கீழே பிடித்ததும் சட்டென்று நின்றது. கனெக்டரைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டர் கட்டுக்கட்டாகச் சுற்றியிருந்தது. பிரித்தால், உள்ளே குழாய் அரை அங்குலம் நழுவி, கனெக்டரின் கடைசி வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இறுக்கமாகச் சுற்றிய பிளாஸ்டர் அதைப் பிடித்து வைக்கவுமில்லை, கண்ணில் பட விடவுமில்லை.

முனையைத் துடைத்து, திருகியபடி முழுக்க ஏற்றிவிட்டு, பிளாஸ்டரை இரண்டு நீளத் துண்டாக, குழாயின் நீளவாக்கில் இரு பக்கமும் ஒட்டினோம். நடுவில் இணைப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு குமிழி இருமலுக்கு மட்டும் வந்தது. இந்த முழுச் சோதனைக்கும் ஒரு நிமிடம்தான். ஆனால் ஒன்று: மூச்சு வாங்கும் ஆளிடம் இந்தச் சோதனையைச் செய்துகொண்டிருக்காதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். கிளாம்பைப் போட்டு அப்படியே விட்டுவிட்டுப் போன் எடுக்கப் போவதும் ஆபத்து. குமிழி வரும் குழாயை அடைத்து வைத்தால் நுரையீரலிலிருந்து கசியும் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்தையே ஒரு பக்கம் தள்ளிவிடும்.

மூன்று அறைப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் சக்‌ஷன் அளவைக் கட்டுப்படுத்தும் அறையில் தண்ணீர் இருந்தால், அது மெதுவாக இடைவிடாமல் குமிழிவிடுவதுதான் சரி. நடுவில் இருக்கும் நீர்ப்பூட்டு அறையில் இடைவிடாமல் வந்தால்தான் கவலை. எந்த அறை என்று சொல்லாமல் "குமிழி வருது" என்று போனில் சொல்லி டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டாம்.

குமிழியும் இல்லை, ஸ்விங்கும் இல்லை

நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டால் இப்படி ஆகும். குழாய் அடைத்துக்கொண்டாலும் இப்படித்தான் ஆகும். வித்தியாசத்தைக் காட்டுவது நோயாளியின் மூச்சும் எக்ஸ்ரேயும். சக்‌ஷன் ஓடும்போது ஸ்விங் மங்கலாகத்தான் தெரியும், அதனால் சக்‌ஷனைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் படுக்கையைத் தேடுங்கள். நோயாளி குழாய் மேலேயே படுத்திருப்பார், அல்லது கட்டில் கம்பியில் மடங்கியிருக்கும். பிறகு, கட்டிலிலிருந்து குழாய் வளைந்து தொங்கி, அந்த வளைவில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தேங்கிய நீரே ஒரு பூட்டு மாதிரி வேலை செய்து வடிகாலை நிறுத்திவிடும். வளைவைத் தூக்கி நீரைப் பாட்டிலுக்கு ஓட்டிவிட்டு, குழாய் தொங்காமல் படுக்கை விரிப்போடு சேர்த்துப் பிடித்துவிட்டால் போதும். ரத்தக்கட்டி அடைத்ததாகத் தெரிந்தால், குழாயை இறுக்கிப் பிழிந்து உருவுவதை விட்டுவிடுங்கள். அது நெஞ்சுக்குள் பலமான உறிஞ்சலை உண்டாக்கும். அதை சர்ஜன் பார்க்கட்டும்.

குழாய் கழன்றுவிட்டது

கொத்தனாருக்கு அடுத்த நாள் காலையில் இதுவும் நடந்தது. பாத்ரூம் போக எழுந்தவர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டார், குழாய் கட்டிலின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. ஓர் அடி வைத்ததும் பாட்டில் மூடியிலிருந்து குழாய் கழன்றுவிட்டது. மனைவி கத்தினார்.

இந்த நேரத்தில் பலர் கை கிளாம்புக்குத்தான் போகும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பகுதியையே எழுதுகிறேன். நேற்றுவரை குமிழி வந்துகொண்டிருந்தவர் இவர். குழாய் திறந்திருந்தால் கொஞ்சம் காற்று உள்ளே போகும், நுரையீரல் கொஞ்சம் சுருங்கும். அது நல்லதல்ல, ஆனால் திரும்ப இணைத்தால் சரியாகும். குழாயை அடைத்துவிட்டால் நுரையீரலிலிருந்து கசியும் காற்று ஒவ்வொரு மூச்சுக்கும் சேர்ந்துகொண்டே போய், சில நிமிடங்களில் ஆளையே சாய்த்துவிடக்கூடும்.

அதனால் செய்தது இது. "அண்ணே, அப்படியே உக்காருங்க. மூச்சை வெளிய விடுங்க... இன்னும் விடுங்க... ஒரு தடவை இருமுங்க." மூச்சை வெளியே விடும்போது உள்ளே போன காற்று குழாய் வழியே வெளியேறும். அதே நேரத்தில் நெஞ்சுப் பக்க முனையைத் தரையில் படாமல் எடுத்து, கிருமி நீக்கிய தண்ணீர் வைத்திருந்த பாட்டிலில் 2 செ.மீ. முங்கும்படி விட்டு, அதை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே வைத்தோம். அவ்வளவுதான், தற்காலிக நீர்ப்பூட்டு தயார். பதற்றம் இனி இல்லை. புதுப் பாட்டிலைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றி, குழாய் முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து இணைத்தோம். தரையில் விழுந்த குழாயைத் திரும்பப் போடக் கூடாது.

இணைத்ததும் இருமச் சொன்னபோது பெரிய குமிழிகளாக ஒரு கூட்டம் வந்தது. உள்ளே போன அறைக் காற்று அது. ஐந்தாறு இருமலில் குறைந்து, ஸ்விங் திரும்பியது. இருபக்கமும் மூச்சுச் சத்தம் கேட்டுப் பார்த்து, டாக்டருக்குச் சொல்லி, எக்ஸ்ரே எடுத்தோம்.

இங்கே ஒரு நடைமுறைத் தொல்லை. ட்ரிப் போடும் சலைன் பாட்டிலின் கழுத்து ரப்பரால் அடைத்திருக்கும், அதில் குழாய் போகாது. கழன்ற பிறகு அதை வெட்டக் கத்தரிக்கோல் தேடிக்கொண்டிருக்க முடியாது. நெஞ்சுக் குழாய் போட்ட ஒவ்வொருவர் தலைமாட்டிலும் அகல வாயுள்ள கிருமி நீக்கிய தண்ணீர் பாட்டில் ஒன்று, பிரிக்காத ஐசிடி பாட்டில் ஒன்று, ஸ்பிரிட் பஞ்சு, காஸ், பிளாஸ்டர் இருக்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது கையால் தொட்டுப் பாருங்கள்.

நீர் வடியக் குழாய் போட்டு, குமிழியே வராதவராக இருந்தால், இணைக்கும் அந்தச் சில நொடிகளுக்குக் குழாயை விரலால் மடித்துப் பிடிக்கலாம். ஒரு பக்க நுரையீரலையே எடுத்தவர்களுக்கு முறை தனி, அவர்கள் குழாயைத் திறப்பதும் அடைப்பதும் சர்ஜன் எழுதிவைத்தபடிதான். வென்டிலேட்டரில் இருப்பவரின் குழாயை அடைக்கவே வேண்டாம். மெஷின் தள்ளும் காற்று ஓட்டை வழியாக நெஞ்சுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும்.

கூட இருக்கும் உறவினருக்குச் சொல்லிவைக்க வேண்டியது சின்ன விஷயம்தான்: சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள், நோயாளியை உட்கார வையுங்கள், முனை தரையில் படாமல் பிடியுங்கள், முடிச்சுப் போடாதீர்கள், கயிறு கட்டாதீர்கள். ஆச்சி, அப்பத்தா எல்லோரும் கூடி நிற்கும் வார்டில் யாராவது ஒருவர் கட்டாயம் ரப்பர் பேண்டோடு வருவார்.

குழாயே நெஞ்சிலிருந்து வந்துவிட்டது

கையுறை போட்ட கையால் ஓட்டையை உடனே மூடுங்கள். காஸ் வைத்து மூன்று பக்கம் மட்டும் ஒட்டுங்கள், நாலாவது பக்கம் காற்று வெளியேற. டாக்டருக்குப் போன். பழைய குழாயைத் திரும்ப உள்ளே தள்ளக் கூடாது. மூடிய பிறகு மூச்சு வாங்கல் அதிகமாகி, கழுத்து நரம்பு புடைத்து, நாடி வேகமாகி, பிரஷர் இறங்கினால் டிரெஸ்ஸிங்கைச் சற்றுத் தூக்கிக் காற்றை வெளியே விடுங்கள். தோலைத் தொட்டால் நறநறவென்றிருந்தால் காற்று தோலுக்கடியில் பரவுகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

சக்‌ஷனை நிறுத்திய பின் மூச்சு வாங்குகிறது

வெளியில் அதிகம் தெரியாத, ஆனால் நிஜமான ஆபத்து இது. நோயாளி நடக்கவோ எக்ஸ்ரேக்குப் போகவோ வேண்டும் என்று சக்‌ஷன் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, அதன் குழாயைப் பாட்டிலில் மாட்டியபடியே விட்டுவிடுவார்கள். காற்று வெளியேறும் ஒரே துவாரம் அதுதான். அணைந்த மெஷின் அதை அடைத்துக்கொள்ளும். குழாயைக் கிளாம்ப் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. கரண்ட் போய்ச் சின்ன சக்‌ஷன் மெஷின் நின்றாலும் இதே கதை. சக்‌ஷன் நின்றால் அதன் குழாயைப் பாட்டிலிலிருந்து பிடுங்கி, துவாரத்தைத் திறந்து விடுங்கள். நீர்ப்பூட்டு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மதுரைக்கோ சிவகங்கைக்கோ ஆம்புலன்ஸில் அனுப்பும்போதும் இதே விதி: சக்‌ஷன் குழாய் கழன்றிருக்க வேண்டும், நெஞ்சுக் குழாயில் கிளாம்ப் இருக்கக் கூடாது, பாட்டில் நிமிர்ந்து நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரைத் தூக்குபவர் பாட்டிலை நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பார். அந்த உயரத்தில் பாட்டில் நீர் நெஞ்சுக்குள் திரும்ப ஓடிவிடும். கால் பக்கம் ஸ்ட்ரெச்சரின் கீழ்க் கம்பியில் மாட்டுங்கள், கூடப் போகிறவர் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு வரட்டும். வழியில் பாட்டில் சாய்ந்தால் நிமிர்த்தி, கம்பி நுனி தண்ணீருக்குள் இருக்கிறதா என்று பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றி 2 செ.மீ.க்குக் கொண்டுவந்துவிட்டு, இரண்டு மூன்று முறை இருமச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலும் மாற்றுப் பாட்டிலும் ஆம்புலன்ஸிலும் ஏற வேண்டும். மேலூர் தாண்டிக் குழாய் கழன்றால் அங்கே யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.